கூம்பகம் கூறும் வயது



கந்தளாயிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். குளக்கட்டுக்குக் கீழேயுள்ள குடியேற்றக் கிராமம் ஒன்றில் இவர் வாசிகசாலைச் சங்கத்தின் செயலாளர். ஊரார் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரு சிறு கட்டடம் எழுப்புவதற்குப் போதுமாக இருக்கிறதாம். அக்கட்டடம் எதற்கு என்பதில்தான் சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. “இளம் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது, பாலர் வகுப்புக்கு மண்டபம் வேண்டும்” என்கின்றனர் ஒரு சாரார். “வீட்டுக்கு வீடு முதியோர் தனித்திருக்கின்றனர், அவர்கள் பகற்பொழுதைக் கழிக்கவும் மாதம் ஒருமுறை வைத்தியர் வந்து பார்க்கவும் ஓரிடம் வேண்டும்” என்கின்றனர் மறு சாரார். “ஐயா, எங்கள் ஊர் இளமையான ஊரா, முதுமையடையும் ஊரா? இதனை அறிய வழியுண்டா?” என்று கேட்கிறார் மாணவர்.

வழி உண்டு. அதற்குச் சனத்தொகைக் கூம்பகம் என்று பெயர். உயர்தர வகுப்பில் புவியியல் கற்கும் மாணவர்கள் இதனை வரைந்து, ‘அடி அகன்றிருந்தால் இளமை, அடி ஒடுங்கினால் முதுமை’ என்று ஒரே வரியில் விடை எழுதிவிட்டு அப்பாற் செல்வார்கள். அந்த ஒரு வரியை நம்பிக் கட்டடம் கட்டினால் பணம் வீணாகக்கூடும். ஆகவே கூம்பகத்தைச் சற்று நிதானமாக வாசித்துப் பார்ப்போம்.

முதலில் அதனை வரையும் முறை. தாளின் நடுவே நிலைக்குத்தாக ஒரு கோடு இடுக. இடப்புறம் ஆண்கள், வலப்புறம் பெண்கள். கீழிருந்து மேலாக ஐந்தைந்து வயதுக்கு ஒரு பட்டை. பிறந்த குழந்தை முதல் நான்கு வயது வரை முதற்பட்டை, ஐந்து முதல் ஒன்பது வரை இரண்டாம் பட்டை. இவ்வாறே உச்சிவரை அடுக்கிச் செல்க. பட்டையின் நீளம் அந்த வயதினரின் தொகையைக் காட்டும். இங்கே மாணவர் பெரும்பாலும் இழைக்கும் பிழை ஒன்றுண்டு. ஆண்களின் தொகையை மொத்த ஆண்களாலும், பெண்களின் தொகையை மொத்தப் பெண்களாலும் வகுத்து நூற்றுவீதம் காண்பார்கள். அப்படிச் செய்தால் இரு பக்கங்களும் சமநிறை கொண்டனபோல் தோன்றி, ஆண்கள் குறைந்த ஊரிலே அக்குறைவு பெரிதும் மறைந்துவிடும். எல்லாப் பட்டைகளையும் ஊரின் மொத்தச் சனத்தொகையாலேயே வகுக்க வேண்டும். இரு பக்கத்துக்கும் ஒரே அளவுத்திட்டம் வேண்டும்.

ஐந்தைந்து வயதாகத் தொகுப்பதற்கும் காரணம் உண்டு. வயது கேட்டால் நம் முதியோர் பலர் “அறுபது இருக்கும்”, “எழுபது ஆகிறது” என்றே கூறுவர். அறுபத்திரண்டு என்று சொல்வோர் அருமை. ஒவ்வொரு வயதையும் தனித்தனியே வரைந்தால் பூச்சியத்திலும் ஐந்திலும் முடியும் வயதுகள் முட்போல நீட்டி நிற்கும். அந்த முட்கள் ஊரின் உண்மையல்ல, நாவின் பழக்கம். ஐந்தைந்தாகச் சேர்த்தால் அவை ஓரளவு அடங்கும்.

இனி, நம் நாட்டின் கூம்பகத்தையே எடுத்துக்கொள்வோம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை ஏறத்தாழ 203 இலட்சத்து 60 ஆயிரம். அவர்களுள் பதினைந்து வயதுக்குட்பட்டோர் நூற்றுக்கு 25.2 பேர், அறுபத்தைந்தும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 7.9 பேர். 1981இல் இதே கணக்கு முறையே 35.2, 4.3 என்று இருந்தது. முதியோரைச் சிறுவரால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைக்கும் எண்ணை முதுமைச் சுட்டெண் என்பர். 1981இல் நூறு சிறுவருக்குப் பன்னிரண்டு முதியோர், 2012இல் முப்பத்தொருவர். முப்பத்தோராண்டுகளில் நாடு எவ்வளவு வேகமாக நரைத்தது என்பதற்கு இந்த இரு எண்களே போதும்.

ஆயினும் இந்த எண்கள் சொல்லாத ஒன்றைப் படம் சொல்லும். 2012ஆம் ஆண்டின் கூம்பகத்தைக் கீழிருந்து மேலாக நோக்குவோம். நான்கு வயது வரையுள்ளோர் 17.4 இலட்சம்; ஐந்து முதல் ஒன்பது வரை 17.5, அடுத்த இரு பட்டைகளும் 16.4 வீதம், இருபது முதல் இருபத்துநான்கு வரை 15.3, அடுத்தது 15.5; முப்பது முதல் முப்பத்துநான்கு வரை மீண்டும் 16.4; அதற்கு மேல் 14.1 என்று இறங்குகிறது. படிப்படியாக ஒடுங்க வேண்டிய கூம்பகம் இருபது வயதுப் பகுதியில் உள்வாங்கி, முப்பதில் புடைத்து நிற்கிறது. அடியிலும் ஒரு புடைப்பு இருக்கிறது.

அடியிலுள்ள புடைப்பைக் கண்டதும், ‘குடும்பங்கள் மீண்டும் அதிக பிள்ளைகளைப் பெறத் தொடங்கிவிட்டன’ என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு முடிவு செய்யுமுன் முப்பது வயதுப் பட்டையை மறுபடி நோக்குக. அவர்கள் 1980ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர்கள். அவர்கள் தொகையிற் பெரியவர்கள். 2012இல் பிள்ளை பெறும் வயதில் இருந்தவர்கள். தாய்மாரின் தொகை பெருத்தால், ஒவ்வொரு தாயும் இரண்டு பிள்ளைகளோடு நின்றாலும் பிள்ளைகளின் பட்டை நீளும். மலையில் எழுந்த ஒலி சற்றுப் பொறுத்துத் திரும்பி வருவது போல, ஒரு தலைமுறையின் பெருக்கம் அடுத்த தலைமுறையில் எதிரொலிக்கிறது. ஆகவே அடிப்பட்டையைத் தனியே வாசிக்கலாகாது. அதற்கு இருபத்தைந்து முப்பது ஆண்டு மேலேயுள்ள பெண்களின் பட்டையோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். இது முதலாவது பாடம்.

இனிக் கந்தளாய்க்கு வருவோம். நாடு ஒன்றின் கூம்பகத்தைப் பெரும்பாலும் பிறப்பும் இறப்பும் வரைகின்றன; ஊரின் கூம்பகத்திலோ போக்குவரவின் கை மிகுதி. அதிலும் கந்தளாய் போன்ற குடியேற்ற ஊருக்குத் தனிப்பட்ட ஒரு வரலாறு உண்டு. குளக்கோட்டன் பெயரோடு நம் மரபு இணைத்துப் பேசும் அந்தப் பழங்குளத்தின் நீரை நம்பி, 1950களில் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் குடும்பங்கள் வந்து காணி பெற்றன. காடு வெட்டிக் கழனி திருத்த வந்தவர்கள் முதியோராக இருக்க முடியுமா? பெரும்பாலும் இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடைப்பட்ட கணவனும் மனைவியுமே இத்தகைய திட்டங்களுக்குச் செல்வர். அத்தகைய ஊரைக் குடியேறிய காலத்தில் வரைந்தால் முப்பதுக்கு அருகே ஒரு பருத்த பட்டை, அடியிலே குழந்தைகளின் பருத்த பட்டை. இடையில் வாலிபரும் மேலே பாட்டன் பாட்டியரும் அரிது.

இந்தப் புடைப்புகள் அங்கேயே நிற்பதில்லை. ஐந்தாண்டுக்கு ஒரு படி என ஒவ்வொரு பட்டையும் மேலேறும். 1955க்கும் 1970க்கும் இடையில் குடியேற்றக் குடிசைகளிற் பிறந்த பிள்ளைகள் 2012இல் நாற்பத்திரண்டுக்கும் ஐம்பத்தேழுக்கும் இடைப்பட்டவர்கள். 2025இல் அவர்கள் ஐம்பத்தைந்து முதல் எழுபது வயதினர். மெல்ல மெல்ல வளர்ந்த ஊர் மெல்ல மெல்ல முதுமையடையும். ஒரே காலத்தில் குடியேறிய ஊரோ அலையலையாக முதுமையடையும். ஒருநாள் பாலர் வகுப்பில் இடமின்றித் தவித்த அதே கூட்டம், இன்னொரு நாள் மருத்துவமனை வாங்கில் இடமின்றி நிற்கும்.

இதனோடு காணியின் சட்டமும் சேர்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின்கீழ் வழங்கப்படும் காணிகளைத் துண்டாடுவதற்குத் தடையுண்டு. காணி பெற்றவர் தமக்குப்பின் உரிமை யாருக்கு என்று ஒரு வாரிசைக் குறிப்பிடலாம். வயல் சிறு துண்டுகளாகச் சிதறிப் பயனற்றுப் போகலாகாது என்பது அதன் நோக்கம். ஆனால் ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவருக்கே காணி என்றால், ஏனைய ஐவர் எங்கே செல்வர்? வேறு பிழைப்புத் தேடி வெளியேறுவர். கந்தளாயில் 1960ஆம் ஆண்டளவில் தொடங்கிய சீனித் தொழிற்சாலை பலருக்கு வேலை அளித்தது. 1990களில் அது மூடப்பட்டபோது அந்த வாயிலும் அடைபட்டது. பின்னர் நம் ஊர்கள் எல்லாவற்றையும் போலவே மத்திய கிழக்கும் கொழும்பும் இளைஞரை அழைத்துக்கொண்டன.

இவ்வாறு இளைஞர் வெளியேறிய ஊரின் கூம்பகம் ஒரு விசித்திரத்தைச் செய்கிறது. அதனை ஒரு கணக்கால் விளக்குகிறேன். இது கந்தளாயின் கணக்கன்று; பயிற்சிக்காக நானே அமைத்துக்கொண்டது. ஆயிரம் பேர் வாழும் ஒரு கிராமம். பதினைந்து வயதுக்குட்பட்டோர் 270, அறுபத்தைந்துக்கு மேற்பட்டோர் 85, இடைப்பட்டோர் 645. இதனை 2012ஆம் ஆண்டின் நாட்டுக் கணக்கோடு ஒப்பிடுவோம்.

சிறுவர் நூற்றுக்கு 27, நாட்டில் 25.2. ஆகவே இது நாட்டைவிட இளமையான ஊர் என்பார் ஒருவர். முதியோர் நூற்றுக்கு 8.5; நாட்டில் 7.9. ஆகவே இது நாட்டைவிட முதுமையான ஊர் என்பார் மற்றவர். மூன்றாமவர் முதுமைச் சுட்டெண்ணைக் கணிப்பார்; அது ஏறத்தாழ 31 வரும், நாட்டின் எண்ணும் 31. ஆகவே வேறுபாடே இல்லை என்பார். மூவரும் கணக்கிற் பிழைவிடவில்லை. எனினும் ஓர் ஊர் ஒரே வேளையில் இளமையாகவும் முதுமையாகவும் இரண்டுமற்றும் இருப்பது எப்படி? என் மாணவரின் சங்கம் இரண்டாகப் பிரிந்து நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்; இரு சாராரும் தத்தம் கண்ணால் கண்டதையே கூறுகின்றனர்.

விடை நடுவில் இருக்கிறது. இருபது முதல் முப்பத்துநான்கு வயது வரையுள்ள மூன்று பட்டைகளைப் பார்ப்போம். நாட்டில் இவர்கள் 47.2 இலட்சம், அதாவது ஆயிரத்துக்கு 232 பேர். நம் கிராமத்தில் 170 பேரே இருக்கின்றனர் என்று கொள்க. அவர்களுள் ஆண்கள் 66, பெண்கள் 104. அறுபத்திரண்டு பேர் குறைகின்றனர். இடப்புறப் பட்டைகள் வலப்புறத்தைவிட இவ்வளவு குறுகி நிற்பதால், இவர்கள் பிறவாதவர்கள் அல்லர், பிறந்து வெளியே சென்றவர்கள் என்று கொள்ளலாம். பிறப்புக் குறைந்தால் இரு பக்கமும் ஒருசேர ஒடுங்கும். பிழைப்புத் தேடிப் போனால் பெரும்பாலும் ஒரு பக்கமே ஒடுங்கும். பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டு வீட்டுவேலைக்கும் மிகுதியாகச் செல்லும் ஊராயின் வலப்புறம் ஒடுங்கும்.

அந்த அறுபத்திரண்டு பேரையும் திரும்ப ஊருக்குள் அழைத்து வைத்துக் கணக்கிடுவோம். மொத்தம் 1062. சிறுவர் 270ஐ அதனால் வகுத்தால் நூற்றுக்கு 25.4; முதியோர் 85ஐ வகுத்தால் நூற்றுக்கு 8. இரண்டும் நாட்டின் எண்களோடு ஒத்து வந்துவிட்டன! பிள்ளைகள் மிகுந்துவிடவுமில்லை, முதியோர் மிகுந்துவிடவுமில்லை. நடுவிலிருந்தோர் போனதால் இரு முனைகளும் நூற்றுவீதத்திற் பெருத்துத் தோன்றின. நூற்றுவீதம் என்பது ஒருவருடைய பங்கு மட்டுமன்று. மற்றவர் இல்லாமையும் அதிலே கலந்திருக்கிறது. இது இரண்டாவது பாடம்.

குழந்தைகளும் முதியோரும் இருந்து, இடையில் அவர்களைத் தாங்க வேண்டிய தோள்கள் குறைந்த ஊர் அது. அதன் தேவையை ‘இளமை’ என்ற சொல்லும் காட்டாது, ‘முதுமை’ என்ற சொல்லும் காட்டாது. பேரப்பிள்ளைகளைப் பாட்டியர் வளர்க்கும் ஊர் அது. பாலர் வகுப்பு முடிந்து பிள்ளையை அழைத்துச் செல்ல வருபவரே, மருந்துக்காக வரிசையில் நிற்க வேண்டியவரும்.

மூன்றாவது பாடம், படத்தை ஒரு முறை பார்த்து மூடிவிடாமல் மேலே நகர்த்திப் பார்ப்பது. 2012இல் நாட்டில் ஐம்பது முதல் அறுபத்துநான்கு வயது வரையுள்ளோர் ஏறத்தாழ 32 இலட்சம். அறுபத்தைந்தைக் கடந்தோர் 16 இலட்சம். பதினைந்தாண்டுகளில், அதாவது 2027இல், அந்த 32 இலட்சத்துள் உயிரோடும் ஊரோடும் இருப்போர் யாவரும் அறுபத்தைந்தைக் கடந்துவிடுவர். இதற்குச் சோதிடம் வேண்டாம். அவர்கள் ஏற்கெனவே பிறந்து எண்ணப்பட்டவர்கள். 2024இல் எடுத்த குடிசன மதிப்பீட்டில் முதியோர் நூற்றுக்குப் பன்னிரண்டைத் தாண்டிவிட்டனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே அந்தப் படத்தில் இது வரையப்பட்டிருந்தது. பிறக்கப்போகும் குழந்தைகளின் தொகையை இவ்வளவு உறுதியாகக் கூற முடியாது. முதியோரின் தொகையைக் கூற முடியும்.

சில எச்சரிக்கைகளும் சொல்ல வேண்டும். 2001ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு போர் காரணமாக வடக்கிலும் கிழக்கிலும் முழுமையாக நடைபெறவில்லை. திருகோணமலை மாவட்டமும் அவற்றுள் ஒன்று. ஆகவே இம்மாவட்டத்திற்கு 1981க்கும் 2012க்கும் இடையில் முப்பத்தோராண்டு இடைவெளி. அவ்விரு படங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் மாணவர், ஒரு பட்டை குறைந்ததைக் கண்டால் அது இறப்பா, இடப்பெயர்வா, பிறப்புக் குறைவா என்று படத்திலிருந்து மட்டும் தீர்ப்புக் கூறலாகாது. 

எல்லாத் துன்பமும் கூம்பகத்தில் பதிவதும் இல்லை. 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வெள்ளம் குழந்தை, கிழவர் என்று பார்ப்பதில்லை. எல்லா வயதிலும் சிலர் சிலராகக் குறைந்தால் பட்டைகள் யாவும் ஒருசேரச் சற்றுக் குறுகும். படத்தின் உருவம் மாறாது. பார்ப்போர்க்கு எதுவும் நடந்ததாகத் தெரியாது. போரும் பிழைப்பும் வயது பார்த்து எடுப்பதால் அவை பள்ளமாகத் தெரிகின்றன.

இறுதியாக, மிகச் சிறிய ஊரின் படத்தை மிக நுணுக்கமாக வாசிக்கலாகாது. முந்நூறு பேர் உள்ள ஊரில் ஒரு பட்டைக்குப் பத்துப் பேரே வருவர். இரண்டு குடும்பம் பெயர்ந்தால் பள்ளம் விழும். அங்கே பதினைந்து வயதுக்கு ஒரு பட்டையாகப் பெரிதாக வரைவதே நன்று.

என் மாணவருக்கு நான் எழுதிய விடை இதுதான். “தம்பி, பிரதேச செயலகத்திலோ கிராம அலுவலரிடமோ கிடைக்கும் தொகையோடு நின்றுவிடாதே. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நால்வரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகச் செல். ஊரில் வாழ்வோரின் வயதைக் கேட்டு எழுது. கூடுமானவரை பிறந்த ஆண்டைக் கேள். வெளியே சென்றிருப்போரின் வயதையும் தனியே கேட்டு எழுது. குடிசன மதிப்பீடு வழக்கமாக வாழும் இடத்திலேயே ஒருவரை எண்ணுவதால், நெடுநாள் பிறநாட்டில் இருப்போர் அதில் வரமாட்டார்கள். ஊரில் இருப்போரின் பட்டையை மையால் தீட்டு. சென்றிருப்போரை அதே பட்டையின் நுனியில் புள்ளிக்கோட்டால் வரை. பின்பு பதினைந்தாண்டுக்கு மூன்று படி மேலே நகர்த்தி இன்னொரு படம் வரை. இரண்டு படங்களையும் வாசிகசாலைச் சுவரில் ஒட்டிவிட்டுச் சங்கத்தைக் கூட்டு.”

இரு வாரம் கழித்துப் பதில் வந்தது. படம் வரைந்து முடிந்ததாம். கட்டடத்தைப் பற்றி இன்னும் முடிவு எட்டவில்லையாம். ஆனால் வாக்குவாதம் வேறு திசையில் திரும்பியிருக்கிறதாம். காலையில் பாலருக்கும் பகலில் முதியோருக்கும் பயன்படும் ஒரே மண்டபம், படிக்கட்டு இல்லாமல் சாய்தளம் வைத்துக் கட்டினால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதைவிட என் நெஞ்சிற் பதிந்தது கடிதத்தின் கடைசி வரிகள். கூட்டம் கலைந்தபின் முதிய தாய் ஒருவர் சுவரருகே வந்து நின்று, இருபத்தைந்து வயதுப் பட்டையின் புள்ளிக்கோட்டின்மேல் விரலை வைத்து, “என் மகன் இதிலே இருக்கிறானா, தம்பி?” என்று கேட்டாராம். “இருக்கிறார், அம்மா” என்றாராம் என் மாணவர்.